வடிவமைப்பாளர் இல்லாத குழுவுக்கு ஒரு வார்ப்புருத் தொகுப்பு: பிராண்ட் விதிகளைக் கோப்புக்குள்ளேயே கட்டும் முறை

ஒரு சிறு குழுவில் யாராவது ஒருவர் எப்போதோ பிராண்ட் விதிகளை எழுதி வைத்திருப்பார். இலச்சினையைச் சுற்றி எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த நிறம், எந்த எழுத்துரு என்று எல்லாம் அதில் இருக்கும். இருந்தும், நாளைய நிகழ்ச்சிக்கு இன்றிரவு போஸ்டர் போட வேண்டியவர் அந்த ஆவணத்தைத் திறப்பதில்லை. போன மாதத்துப் போஸ்டரைத் திறந்து, எழுத்துகளை மாற்றி அனுப்பிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விதி ஓரிடத்திலும் வேலை வேறோரிடத்திலும் இருக்கும்வரை இதுதான் நடக்கும். ஆகவே, விதியை வேலை நடக்கும் கோப்புக்குள்ளேயே கொண்டுவந்து வைப்பதுதான் வார்ப்புருத் தொகுப்பின் பணி.

இதற்கு எந்தக் கருவியையும் பயன்படுத்தலாம். இந்த வழிகாட்டி விண்டோஸில் இயங்கும் பவர்பாயிண்ட்டை எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்பாளர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள் என்றாலும், பலரது கணினியில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதிலுள்ள Slide Master என்னும் வசதியில் வைக்கப்படும் பொருளைச் சாதாரணப் பார்வையில் யாராலும் தேர்ந்தெடுக்கவோ நகர்த்தவோ முடியாது. நமக்குத் தேவையான பூட்டு அதுவே. எடுத்துக்காட்டாக, மாதந்தோறும் பொதுச் சொற்பொழிவு நடத்தும் ஐந்து பேர் கொண்ட ஓர் அறிவியல் மன்றத்தை வைத்துக்கொள்வோம். அடர்நீலம், மஞ்சள், வெள்ளை ஆகியவை அதன் நிறங்கள். ஓர் இலச்சினை, ஓர் எழுத்துருக் குடும்பம், பேச்சாளர் படம் ஒன்று ஆகியவை அதற்குப் போதும்.

முதல் படி: ஏற்கெனவே செய்தவற்றை எடுத்துப் பரப்புதல்

வார்ப்புருக்களைக் கற்பனையிலிருந்து தொடங்கக் கூடாது. கடந்த சில மாதங்களில் குழு வெளியிட்ட எல்லாப் போஸ்டர்களையும் பதிவுகளையும் ஒரே பக்கத்தில் சிறிதாக ஒட்டிப் பார்க்க வேண்டும். நம் மன்றத்தின் வெளியீடுகள் நான்கே வகைகளில் அடங்கிவிடுகின்றன: நிகழ்ச்சி அறிவிப்பு, பேச்சாளர் அறிமுகம், சொற்பொழிவிலிருந்து ஒரு மேற்கோள், இடம் அல்லது நேரம் மாறிய அவசர அறிவிப்பு. நான்காவது வகை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஆனால் விதிகள் அதிகம் மீறப்படும் இடம் அதுதான், ஏனெனில் அதைச் செய்பவருக்கு அப்போது பத்து நிமிடம்தான் இருக்கும்.

அதன் பிறகு, பிராண்ட் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். முதற்கூறு, பயனர் தொடவே கூடாதவை: இலச்சினையின் இடமும் அளவும், ஓர இடைவெளி, நிறப்பட்டை. இரண்டாம் கூறு, எல்லைக்குட்பட்டு நிரப்ப வேண்டியவை: தலைப்பு, நாள், படம். மூன்றாம் கூறு, கோப்பால் கட்டுப்படுத்த முடியாமல் மனிதக் கண்ணால் மட்டுமே சரிபார்க்கக்கூடியவை: படத்துக்கு அனுமதி பெறப்பட்டதா, பெயர் சரியாக எழுதப்பட்டதா என்பன போன்றவை. இந்த மூன்றிலும் சேராத விதி, எடுத்துக்காட்டாக ‘வடிவமைப்பு நவீனமாகவும் அன்பாகவும் தோன்ற வேண்டும்’ என்பது, தொகுப்பைப் பொறுத்தவரை விதியே அல்ல, அதை விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: பக்க அளவு

பவர்பாயிண்ட்டில் ஒரு கோப்புக்கு ஒரு பக்க அளவுதான். ஆகவே சமூக ஊடகப் பதிவுக்கு ஒரு கோப்பும், அச்சிடும் போஸ்டருக்கு இன்னொரு கோப்பும் தேவை. ஒன்றைச் செய்துவிட்டு அளவை மாற்றி மற்றொன்றாக்கலாம் என்று தோன்றும். ஆனால் நெடுக்குப் பதிவின் உயரம் அகலத்தைப்போல் 1.25 மடங்கு, ஏ4 தாளின் உயரமோ ஏறத்தாழ 1.41 மடங்கு. அளவை மாற்றும்போது பொருள்கள் இடம் பெயர்ந்து இடைவெளிகள் குலைகின்றன. அவற்றைச் சரிசெய்யும் நேரத்தில் புதிதாகவே கட்டிவிடலாம்.

பதிவுக்கான அளவு 1080 × 1350 படப்புள்ளிகள். பவர்பாயிண்ட் படமாகச் சேமிக்கும்போது அங்குலத்துக்கு 96 புள்ளிகள் என்ற இயல்பு அமைப்பைக் கொள்வதால், Design > Slide Size > Custom Slide Size என்ற இடத்தில் அகலம் 11.25 அங்குலம், உயரம் 14.0625 அங்குலம் என்று கொடுக்க வேண்டும். பெட்டி சென்டிமீட்டரில் இருந்தால் 28.575, 35.719 என்ற எண்கள். இவ்வாறு கொடுத்தால், PNG ஆகச் சேமிக்கும் ஒவ்வொருவரும் எந்த அமைப்பையும் தொடாமலே சரியான அளவைப் பெறுவார்கள்.

போஸ்டர் கோப்பில் ஒரு பொறி இருக்கிறது. அதே பெட்டியின் பட்டியலில் A4 Paper என்று ஓர் அளவு தயாராக இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது 27.5 × 19.05 சென்டிமீட்டர் பக்கம், உண்மையான ஏ4 அன்று. அச்சிடும்போதுதான் ஓரங்களில் வேண்டாத வெள்ளை தெரியவரும். ஆகவே 21 × 29.7 சென்டிமீட்டர் என்று கையாலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: நிறமும் எழுத்துருவும்

View > Slide Master சென்று, அங்கே Colors > Customize Colors என்பதைத் திறந்தால் பன்னிரண்டு நிறக்கட்டங்கள் தெரியும். நம் மன்றத்துக்கு அடர்நீலம் `#12355B`, மஞ்சள் `#F2B705`, வெள்ளை ஆகிய மூன்றே போதும். மீதிக் கட்டங்களை அப்படியே விட்டால், பவர்பாயிண்ட்டின் சொந்த ஆரஞ்சும் பச்சையும் நிறப்பட்டியலில் தங்கி, ஒருநாள் யாராவது அவற்றைத் தொடுவார்கள். அதனால் Accent என்று பெயரிட்ட ஆறு கட்டங்களையும் நீலம், மஞ்சள் என்று மாற்றி மாற்றி நிரப்பிவிடுவது நல்லது. அந்நிறங்களின் வெளிறிய, அடர்ந்த சாயல்களைப் பட்டியல் தானாகவே காட்டும். அதைத் தடுக்க வழியில்லை.

எந்த நிறத்தின்மேல் எந்த நிற எழுத்து வரலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற மாறுபாட்டையும், பெரிய எழுத்துக்கு 3:1 என்ற மாறுபாட்டையும் கேட்கிறது. அடர்நீலத்தின்மேல் வெள்ளை 12:1-ஐத் தாண்டுகிறது. நீலத்தின்மேல் மஞ்சளும், மஞ்சளின்மேல் நீலமும் ஏறத்தாழ 6.8:1. மஞ்சளின்மேல் வெள்ளையோ 1.8:1 மட்டுமே, வெயிலில் கைப்பேசியைப் பார்ப்பவருக்கு அது வெற்றுப் பட்டையாகவே தெரியும். இந்தக் கடைசி இணையைத் தடை செய்து ஒரு வரி எழுதுவதைவிட, மஞ்சள் பட்டையில் வரும் எழுத்து இயல்பாகவே நீலமாக இருக்கும்படி கட்டிவிட்டால், தடை தேவைப்படுவதே இல்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது, தமிழும் ரோமன் எழுத்தும் ஒரே குடும்பத்தில் உள்ள ஒன்றைக் கொள்வது வேலையைக் குறைக்கும். முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகிய இரண்டும் அத்தகையவை. இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பவர்பாயிண்ட் ரோமன் எழுத்துக்கான எழுத்துருவையும் தமிழ் போன்ற எழுத்துகளுக்கானதையும் தனித்தனி அமைப்புகளாக வைத்திருப்பதால், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்று நினைக்கக்கூடும். தமிழ்ச் சொற்கள் மட்டும் விண்டோஸின் நிர்மலா யூஐ எழுத்துருவிலேயே நின்றுவிடும். மாதிரியாகத் தமிழ் வாக்கியம் ஒன்றைத் தட்டச்சு செய்து, அதன் எழுத்து வடிவங்களைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

ஐந்து கணினிகளிலும் அந்த எழுத்துருவின் சாதாரணக் கோப்பையும் தடித்த கோப்பையும் நிறுவ வேண்டும். தடித்த கோப்பு இல்லாத கணினியில் மென்பொருள் கோடுகளைச் செயற்கையாகத் தடிப்பாக்கும். அப்போது ண, ணை போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுவிடும். பழைய, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்த செய்தியை ஒட்டினால் பொருளற்ற குறிகள் வரும் என்பதையும் குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அத்தகைய செய்தியை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

நான்காம் படி: அமைப்புகளைக் கட்டுதல்

Slide Master பார்வையில் இடப்புறம் மேலே ஒரு பெரிய பக்கமும் அதன் கீழே Layout எனப்படும் சிறு அமைப்புகளும் இருக்கும். இயல்பாக வரும் பதினோரு அமைப்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட வேண்டும்; தேவையற்ற தெரிவு ஒவ்வொன்றும் பின்னால் ஒரு தவறுக்கு இடம் தரும். இலச்சினையையும் கீழ்ப்பட்டையையும் மேலேயுள்ள பெரிய பக்கத்தில் வைத்தால், அவை எல்லா அமைப்புகளிலும் தோன்றும். பதிவுக் கோப்பில் நான்கு புறமும் 0.75 அங்குலம் ஓர இடைவெளி விட்டு, வழிகாட்டிக் கோடுகளை அங்கே பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்து, பயனர் நிரப்பும் இடங்களை Insert Placeholder மூலம் வைக்க வேண்டும்; எழுத்துக்கு Text, படத்துக்கு Picture. சாதாரண எழுத்துப் பெட்டியை இங்கே வரைந்துவிடக் கூடாது, ஏனெனில் அதைப் பயனரால் திருத்த முடியாது. எழுத்து இடத்தில் வரும் புள்ளிக் குறிகளையும் ஐந்து நிலை உள்தள்ளல்களையும் நீக்கிவிட்டு, அங்கேயே குறிப்பை எழுதலாம்: ‘தலைப்பு: மூன்று வரிக்குள்’, ‘நாள், கிழமை, நேரம்’ என்பன போல. நிரப்பாமல் விட்டால் இந்தக் குறிப்புகள் சேமித்த படத்தில் தோன்றுவதில்லை. விதி ஆவணத்தில் பத்தாம் பக்கத்தில் இருந்த செய்தி, தேவைப்படும் இடத்திலும் தேவைப்படும் நொடியிலும் பயனர் கண்ணில் படுகிறது.

தலைப்புக்கு 60 புள்ளி, மற்றவற்றுக்கு 32 புள்ளி என்று வைத்துக்கொண்டால் பதிவுக் கோப்பில் போதுமானது. 28 புள்ளிக்குக் கீழே போனால் கைப்பேசியில் படிக்கச் சிரமம். வரி இடைவெளியைக் கவனிக்க வேண்டும். பவர்பாயிண்ட்டின் இயல்பு வார்ப்புரு வரிகளை 0.9 மடங்குக்கு நெருக்குகிறது. மேல்விலங்கும் கீழ்விலங்கும் உள்ள தமிழ் வரிகள் அந்த நெருக்கத்தில் ஒன்றோடொன்று உரசும், 1.1 மடங்கு வைத்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இந்தத் தொகுப்பு நிற்பதும் விழுவதும் நீளமான தலைப்பில்தான். எழுத்து இடத்தின்மேல் வலச்சொடுக்கி Format Shape > Text Options > Text Box என்று சென்றால் மூன்று தெரிவுகள் இருக்கும். அவற்றுள் Shrink text on overflow என்பது, எழுத்து மிகும்போதெல்லாம் அளவைத் தானாகச் சுருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் 60 புள்ளி, அடுத்த வாரம் 47 புள்ளி, அதற்கடுத்த வாரம் 38 புள்ளி என்று ஒவ்வொரு பதிவும் வேறுபட்டு, ஒரே நிறுவனத்தின் வெளியீடு என்ற தோற்றமே போய்விடும். அதற்குப் பதிலாக Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது நீளமான தலைப்பு தன் இடத்தைத் தாண்டிக் கீழே உள்ள நாளின்மேல் ஏறி நிற்கும். பார்க்க அருவருப்பாக இருக்கும்; அந்த அருவருப்புதான் நமக்கு வேண்டியது. பயனர் உடனே நின்று, ஒன்று தலைப்பைச் சுருக்குவார், இல்லையெனில் ‘நீண்ட தலைப்பு’ என்ற மாற்று அமைப்புக்குப் போவார். அந்த மாற்று அமைப்பை 44 புள்ளியில், படத்தின் உயரத்தைக் குறைத்து, நாமே முன்கூட்டிக் கட்டி வைத்திருக்க வேண்டும்.

எத்தனை எழுத்து வரை அனுமதி என்று எண்ணிக்கை விதிப்பது தமிழில் உதவாது. உயிர்மெய்யின் அகலம் எழுத்துக்கு எழுத்து வெகுவாக மாறுகிறது. நீண்ட கூட்டுச்சொல் ஒன்று வரியின் இறுதியில் அடங்காமல் முழுவதுமாக அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வரிக் கணக்கே சரியான அளவுகோல்.

படத்துக்கான இடம் தன் வடிவத்துக்கேற்பப் படத்தைத் தானாகவே வெட்டிக்கொள்ளும். இது பேச்சாளர் படத்துக்கு நல்லது. யாரும் முகத்தை இழுத்து நீட்ட வாய்ப்பில்லை. தலை வெட்டுப்பட்டால் Crop மூலம் உள்ளே படத்தை மட்டும் நகர்த்தலாம். ஆனால் நிகழ்ச்சியை உடன் நடத்தும் வேறொரு நிறுவனத்தின் இலச்சினையை இதே வகை இடத்தில் போட்டால் அதுவும் வெட்டுப்படும். அங்கே Crop > Fit என்பதைப் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிடலாம். படம் கிடைக்காத நாளும் உண்டு. அதற்குப் படமில்லாத அமைப்பு ஒன்று இல்லாவிட்டால், பயனர் இணையத்திலிருந்து ஏதாவது ஒரு மூளையையோ மின்விளக்கையோ எடுத்து ஒட்டிவிடுவார்.

கட்டி முடித்த ஒவ்வோர் அமைப்புக்கும் Rename மூலம் வேலையின் பெயரை வைக்க வேண்டும்: ‘நிகழ்ச்சி – படத்துடன்’, ‘நிகழ்ச்சி – நீண்ட தலைப்பு’, ‘நேர மாற்றம்’. பிறகு கோப்பை PowerPoint Template என்ற வகையில், அதாவது `.potx` ஆகச் சேமிக்க வேண்டும். அதை இருமுறை சொடுக்கினால் புதிய, பெயரிடாத கோப்பே திறக்கும், மூலம் கெடாது.

ஓர் அறிவிப்பைச் செய்து பார்த்தல்

மன்றத்துக்கு இப்படி ஒரு செய்தி வருகிறது: ‘நீர்நிலைகளில் நுண்நெகிழித் துகள்கள்: அவற்றை எப்படிக் கண்டறிகிறோம், எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும்?’ பேச்சாளர் பெயர், நாள், இடம், கைப்பேசியில் வந்த ஒரு படம் ஆகியவையும் உடனிருக்கின்றன. தயாரிப்பவர் வார்ப்புருவைத் திறந்து ‘நிகழ்ச்சி – படத்துடன்’ அமைப்பைத் தேர்ந்தெடுத்து, செய்தியை ஒட்டுகிறார். ஒட்டும்போது Keep Text Only என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், மூலச் செய்தியின் எழுத்துருவும் நிறமும் கூடவே வந்துவிடும்.

தலைப்பு மூன்று வரியில் அடங்காமல் நாளின்மேல் ஏறுகிறது. அவருக்கு இரண்டு வழிகள். Home > Layout சென்று ‘நீண்ட தலைப்பு’ அமைப்புக்கு மாறினால், ஏற்கெனவே நிரப்பியவை புதிய இடங்களுக்குத் தாமே போய்ச் சேரும். அல்லது ‘நீர்நிலைகளில் நுண்நெகிழி’ என்பதைத் தலைப்பாக்கி, மீதியைத் துணைத்தலைப்பாக 32 புள்ளியில் இறக்கலாம். என் தேர்வு இரண்டாவதுதான். கைப்பேசியில் விரல் ஓடும் வேகத்தில் இரண்டு சொற்கள் படிக்கப்படும், பத்துச் சொற்கள் படிக்கப்படா. ஆனால் பேச்சாளர் தந்த தலைப்பை மாற்ற உரிமை உண்டா என்பதை மன்றம் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வழியே பாதுகாப்பானது.

படத்தைப் பொறுத்தவரை, பதிவின் முழு அகலத்தையும் நிரப்ப 1080 படப்புள்ளி அகலமாவது வேண்டும். அதே படம் ஏ4 போஸ்டரின் பாதி அகலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில், ஏறத்தாழ 1240 படப்புள்ளிகளைக் கேட்கும். செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், கோப்பாக அனுப்பும்படி பேச்சாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். பவர்பாயிண்ட்டும் தன் பங்குக்குச் சுருக்கக்கூடும். File > Options > Advanced பகுதியில் Do not compress images in file என்பதை மூலக் கோப்பிலும், அதிலிருந்து திறக்கும் போஸ்டர் கோப்பிலும் சரிபார்ப்பது நல்லது.

பதிவை PNG ஆகவும், போஸ்டரை PDF ஆகவும் சேமிக்கிறார். அச்சகத்துக்குப் போகும் போஸ்டரில் ஓர் எல்லை உண்டு: பவர்பாயிண்ட் அச்சு மை நிறங்களில் வேலை செய்வதில்லை, வெட்டு விளிம்புக்கான கூடுதல் பரப்பையும் தானாகத் தருவதில்லை. நிறம் விளிம்புவரை போக வேண்டுமானால் பக்கத்தையே 21.6 × 30.3 சென்டிமீட்டராக அமைத்து, ஒவ்வொரு புறமும் 3 மில்லிமீட்டர் வெட்டப்படும் என்று அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். சுற்றிலும் வெள்ளை விளிம்புள்ள வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது. சிறு குழுவுக்கு அதுவே சரி.

ஐந்தாம் படி: சோதனையும் பராமரிப்பும்

தொகுப்பை வெளியிடுமுன், அதைக் கட்டாத இருவரிடம் உண்மையான ஒரு செய்தியைக் கொடுத்து, எதுவும் விளக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதைவிட, எங்கே புதிதாக எழுத்துப் பெட்டி வரைகிறார்கள் என்பதே முக்கியம். யாராவது நுழைவுக் கட்டணத்தை எழுத இடமின்றித் தனிப்பெட்டி வரைந்தால், பிழை அவருடையது அன்று; அமைப்பில் அந்த இடம் விடுபட்டிருக்கிறது.

வெளியிட்ட பின்னரும் இதே அடையாளத்தை வைத்து விலகலைக் கண்டுபிடிக்கலாம். முடிந்த கோப்பைத் திறந்து Home > Arrange > Selection Pane சென்றால் பக்கத்திலுள்ள எல்லாப் பொருள்களின் பெயர்களும் தெரியும். Title, Text Placeholder, Picture Placeholder என்ற பெயர்கள் தொகுப்பிலிருந்து வந்தவை. TextBox என்று தொடங்குவது வெளியிலிருந்து வந்தது. இடம் மாறிய, அளவு மாறிய பொருள்களுக்கு Home > Reset என்ற ஒரே பொத்தான் போதும். நிரப்பிய செய்தியை வைத்துக்கொண்டு, அமைப்பின் இடத்தையும் வடிவத்தையும் அது மீட்டுத் தரும். தனியாக வரைந்த பெட்டிகளை அது தொடாது. அவற்றிலுள்ள செய்தியைக் கையால்தான் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

விதிவிலக்குக் கேட்டு யாராவது வருவார்கள். ஒருமுறை கேட்பதற்குத் தனியாகச் செய்து கொடுத்துவிடலாம்; அதே தேவை மூன்றாம் முறையும் வந்தால் அதற்கு ஓர் அமைப்பைச் சேர்க்க வேண்டும். அமைப்புகளைச் சேர்க்கவும் திருத்தவும் ஒருவருக்கே பொறுப்பு இருக்கட்டும். கோப்பின் பெயரில் ‘பதிவு-வார்ப்புரு-03’ என்பதுபோல் பதிப்பு எண் வேண்டும்; பொதுக் கோப்புறையில் நடப்புப் பதிப்பு மட்டுமே இருக்க வேண்டும்.

இந்த எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. `.potx` கோப்பைத் திருத்தினால், அதிலிருந்து முன்பு உருவாக்கிய போஸ்டர்கள் தாமாக மாறுவதில்லை. ஒவ்வொன்றும் தன் பழைய மூலத்தின் நகலைத் தனக்குள் வைத்திருக்கிறது. இலச்சினை மாறிய பின் யாராவது சென்ற ஆண்டின் போஸ்டரைத் திறந்து எழுத்துகளை மாற்றினால், பழைய இலச்சினையே மீண்டும் வெளியாகும். அதனால் வெளியிட்டு முடிந்தவற்றைத் திருத்தத்தக்க வடிவில் பொதுக் கோப்புறையில் வைக்காமல், PNG ஆகவும் PDF ஆகவும் மட்டும் காப்பகத்தில் வைத்து, திருத்தக்கூடிய மூலங்களைப் பொறுப்பாளர் மட்டுமே திறக்கும் தனிக் கோப்புறைக்கு மாற்றிவிட வேண்டும்.